குறிப்பாணையைத் திரும்பப் பெறுங்கள்: புகார் கொடுத்த தந்தையின் திறந்த மடல்

எங்கள் பள்ளியின் தாளாளர் அவர்களுக்கும் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும்,

இம்மாதம் 3-ஆம் தேதி பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டு, அன்று மாலையே பெற்றோரின் கைப்பேசிகளுக்கும் வந்து சேர்ந்த உங்கள் சுற்றறிக்கையைப் படித்தேன். மாணவர்களின் உடல்நலம், மனநலம், கற்கும் திறன் ஆகியவை குறித்து ஆசிரியர்கள் இனிப் பெற்றோருக்கு நேரடியாகக் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பக்கூடாது என்றும், மதிப்பெண், வருகை, கட்டணம் தவிர்த்த எந்தச் செய்தியும் அலுவலகம் வழியாகவே செல்ல வேண்டும் என்றும், பெற்றோர் ஒருவரிடமிருந்து வந்த புகாரின் பேரில் இம்முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது என்றும் அதில் சொல்லியிருக்கிறீர்கள். மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுக்கப்பட்டிருப்பதையும் அதற்கடுத்த நாள் அறிந்தேன்.

அந்தப் புகாரைக் கொடுத்தவன் நான்தான். சென்ற ஆகஸ்ட் மாதம் தொலைபேசியில் அலுவலகத்தை அழைத்து, கோபத்தில் குரலை உயர்த்தி, "ஒரு டீச்சர் எப்படி என் பையனைப் பற்றி இப்படி எழுதலாம்?" என்று கேட்டேன், மறுநாள் நேரில் வந்து அதையே எழுத்திலும் கொடுத்தேன். டிசம்பர் மாதம் நான் மீண்டும் வந்து அந்தப் புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னபோது, அலுவலகத்தில் இருந்தவர் "சரி, பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி அனுப்பினார். அப்படிப் பார்த்துக்கொண்டதன் முடிவுதான் இந்தச் சுற்றறிக்கை என்றால், நான் வாய்மூடி இருப்பது அந்த ஆசிரியைக்குச் செய்யும் இரண்டாவது தீங்காகிவிடும். எனவேதான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அந்த ஆசிரியை எனக்கு அனுப்பிய மின்னஞ்சலில் என்ன இருந்தது என்பதை உங்களில் எத்தனை பேர் முழுமையாகப் படித்தீர்கள் என்று தெரியவில்லை. நானே முதல் முறை முழுமையாகப் படிக்கவில்லை. இரவு ஒன்பது மணிக்குப் பட்டறையில் மறுநாள் ஏற்றுமதிக்கான கற்களை எண்ணிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் வந்த மடலில், "முறையான மதிப்பீடு" என்ற இரண்டு சொற்கள் மட்டுமே என் கண்ணில் பட்டன. மற்றதெல்லாம் என் கோபத்தில் மறைந்துபோயிற்று. வீட்டில் என் தாயார், "பேரனை மக்குன்னு எழுதிட்டாங்களா?" என்று கேட்டார்கள். என் மனைவிதான் கைப்பேசியை வாங்கி, மடலை முதலிலிருந்து கடைசிவரை உரக்கப் படித்துவிட்டு, "இதுல எந்த வரி தப்புன்னு காட்டுங்க" என்றார். என்னால் காட்ட முடியவில்லை. காட்ட முடியாததால்தான் மறுநாள் காலையில் பள்ளியைத் தொலைபேசியில் அழைத்துக் கத்தினேன் என்று இப்போது தோன்றுகிறது.

மடல் என் மகனின் பேச்சைப் பற்றித் தொடங்கியது. எங்கள் குடும்பத் தொழில் ஆத்தங்குடித் தரைக்கல் வார்ப்பது. கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, அதன் கட்டங்களில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த கலவையைத் தூவி, அதன்மேல் சாந்தை நிரப்பி மட்டம் செய்வது முதல், கல்லைத் தண்ணீரில் ஊறப்போடுவது வரை ஒரு படி விடாமல் வரிசையாக அவன் வகுப்பில் சொன்னதாகவும், கண்ணாடி எதற்கு என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு "பாலிஷ் போடாமலேயே பளபளப்பு அதிலிருந்துதான் வருகிறது" என்று விளக்கியதாகவும் ஆசிரியை எழுதியிருந்தார். அதற்கடுத்த பத்தியில், இதே பிள்ளை பாடப்புத்தகத்தின் அறுபத்திரண்டு சொற்கள் கொண்ட ஒரு பகுதியைப் படித்து முடிக்க ஆறு நிமிடங்களுக்கு மேல் எடுத்துக்கொண்டான் என்றும், அதில் இருபத்து மூன்று சொற்களை முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு ஊகித்துச் சொன்னான் என்றும், அதே பகுதியை அவர் படித்துக் காட்டியபோது ஐந்து கேள்விகளுக்கும் வாய்மொழியாகச் சரியான விடை சொன்னான் என்றும் இருந்தது.

இந்த ஒப்பீட்டின் பொருளை எனக்குப் பின்னர் விளக்கியவர் மதுரையில் நாங்கள் பார்த்த மருத்துவ உளவியலாளர். ஒரு பிள்ளைக்குக் காதால் கேட்டால் விளங்குவதும் கண்ணால் படித்தால் விளங்காததும் ஒரே பாடத்தில், ஒரே நாளில் நடந்தால், குறை அறிவிலோ ஆர்வத்திலோ இருப்பதற்கு வாய்ப்புக் குறைவு. எழுத்தை ஒலியாக மாற்றும் இடத்தில்தான் எங்கோ தடை இருக்கிறது என்றார் அவர். ஆசிரியை அந்த முடிவை எழுதவில்லை. பார்த்ததை மட்டும் எழுதினார்.

மடலோடு அவர் இணைத்திருந்த ஒரு நோட்டுப் பக்கத்தின் படத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்குப் புரியவைத்தது அந்தப் பக்கம்தான். சொல்வதை எழுதும் பயிற்சி அது. "தொட்டில்" என்ற சொல் அதில் மூன்று இடங்களில் வருகிறது. முதல் இடத்தில் "தெட்டால்" என்று எழுதியிருக்கிறான், இரண்டாம் இடத்தில் "தோடில", மூன்றாம் இடத்தில் "டொதில்". மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ரகர றகரத்தை மாற்றிப் போடுவதும், னகர ணகரத்தில் தடுமாறுவதும் வழக்கம். நான் பட்டறையில் எழுதும் ரசீதுகளிலேயே அந்தப் பிழைகள் இருக்கும். அத்தகைய பிழை செய்யும் பிள்ளை பெரும்பாலும் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் செய்யும். தவறாகவேனும் அந்தச் சொல்லுக்கு ஒரு வடிவம் அதன் மனத்தில் பதிந்திருப்பதே காரணம். என் மகனுக்கு அந்தச் சொல்லின் வடிவம் பதியவே இல்லை. ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகக் கட்ட முயல்கிறான். "தொ" என்று காதில் விழுவது ஒரே ஒலி, ஆனால் கை முதலில் கொம்பைப் போட்டு, பிறகு தகரத்தை எழுதி, அதற்குப் பின் காலை இட வேண்டும். அந்த வரிசையில் மனம் நழுவும்போது, கொம்பு தங்கிவிட, கால் அடுத்த எழுத்துக்குப் போய்விடுகிறது. "தெட்டால்" அப்படிப் பிறந்தது.

ஆசிரியை அந்தப் படத்தின் கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: "பதினோரு வாரங்களில் எடுத்த ஒன்பது பக்கங்களில் இது ஒன்று, மற்றவற்றையும் நேரில் காட்டுகிறேன்." அந்தப் பதினோரு வாரங்களும் ஒரு பிள்ளையின் நோட்டை ஒருவர் தனியாக எடுத்துப் பார்த்திருக்கிறார். உங்கள் குறிப்பாணையில் "அவசரப்பட்டு" என்ற சொல் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன்.

மடலின் கடைசிப் பத்தியை அப்படியே தருகிறேன். "இதை நோய் என்றோ குறை என்றோ நான் சொல்லவில்லை; சொல்லும் தகுதியும் எனக்கில்லை. முதலில் கண்ணையும் காதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவை சரியாக இருந்தால், குழந்தைகள் நல மருத்துவரிடம் கேட்டு, முறையான மதிப்பீடு ஒன்று செய்து பார்க்கலாம் என்பது என் யோசனை. ஒன்றுமில்லை என்று வந்தால் எல்லோரையும்விட நான்தான் மகிழ்வேன். உங்களுக்கு வசதிப்படும் ஒரு நாள் மாலையில் வந்தால் பேசலாம்." இவ்வளவுதான். ஒரு மருத்துவப் பெயர்கூட அந்த மடலில் இல்லை.

இதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் உங்கள் பள்ளி எனக்கு என்ன சொன்னது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு மதிப்பெண் அட்டைகள் ஆறும் என்னிடம் இருக்கின்றன. "கவனம் தேவை." "கையெழுத்து மேம்பட வேண்டும்." "வீட்டில் பயிற்சி தரவும்." "கவனக்குறைவால் பிழைகள்." "நன்று, இன்னும் முயலலாம்." ஆறாவது அட்டையில் ஒன்றுமே எழுதப்படவில்லை. இவை யார் மனத்தையும் புண்படுத்தவில்லை, யாரும் புகார் கொடுக்கவில்லை, யாருக்கும் குறிப்பாணையும் போகவில்லை. ஆனால் அந்த வரிகளை நம்பித்தான் நான் என் மகனைச் சோம்பேறி என்று முடிவு கட்டினேன். மாலை நேரத் தனிப்பயிற்சிக்கு அனுப்பினேன். தொலைக்காட்சியை நிறுத்தினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே பக்கத்தை இருபது முறை எழுது என்று திண்ணையில் உட்காரவைத்தேன். அந்தத் தாள்களும் என்னிடம் இருக்கின்றன. இருபதாவது முறை எழுதியது முதலாவதைவிட மோசமாக இருக்கிறது. பயிற்சி போதாத பிள்ளை எழுத எழுதத் தேறும், என் மகன் எழுத எழுதக் களைத்தான். அந்த வேறுபாடே ஓர் அறிகுறி என்பது அன்று எனக்குத் தெரிந்திருந்தால் பன்னிரண்டாவது முறையிலாவது நிறுத்தியிருப்பேன்.

செப்டம்பரில் காலாண்டு விடுமுறையின்போது மனைவியின் வற்புறுத்தலால் தொடங்கினோம். காரைக்குடியிலேயே கண் பரிசோதனை முடிந்தது, பார்வையில் குறையில்லை. அடுத்த வாரம் காது கேட்கும் திறனைச் சோதித்தார்கள், அதுவும் சரியாக இருந்தது. கரும்பலகை தெரியாத பிள்ளையும், அடிக்கடி சளி பிடித்துக் காது அடைத்துக்கொள்ளும் பிள்ளையும் இதே அறிகுறிகளைக் காட்டலாம் என்பதால்தான் இவை முதலில் வருகின்றன என்று குழந்தைகள் நல மருத்துவர் சொன்னார். ஆசிரியை எழுதிய வரிசையும் அதுவே.

பிறகு மதுரை. இரண்டு சனிக்கிழமைகள், ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். முதல் நாள் பொதுவான அறிவுத்திறனை அளந்தார்கள். எங்களுக்குப் பெரிய நிம்மதி அங்கே கிடைத்தது. அவன் வயதுப் பிள்ளைகளின் சராசரியைவிடச் சற்று மேலேயே இருந்தான். இரண்டாம் நாள் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுதியைக் கொண்டு வாசிப்பு, எழுத்து, கணக்கு, கவனம், கேட்டதை நினைவில் வைத்தல் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பார்த்தார்கள். இடையில் அவனிடம் விளையாட்டுப் போலக் கேட்ட ஒரு கேள்வியை நான் கதவோரத்தில் இருந்து கேட்டேன். "குதிரையில் 'கு'வை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?" அவன் வெகுநேரம் யோசித்துவிட்டு, "குதி" என்றான். "மாதுளையில் 'மா'வை எடுத்தால்?" என்றார் அவர். அவன் பதில் சொல்லாமல் சன்னலைப் பார்த்தான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் சிரித்துக்கொண்டே "திரை", "துளை" என்று சொல்லிவிடும் கேள்வி அது. ஒரு சொல்லை ஒலித்துண்டுகளாகப் பிரித்துக் கையாள முடியாத பிள்ளைக்கு, எழுத்துக்கூட்டிப் படி என்று நாம் சொல்வது காதிலேயே ஏறாத கட்டளை.

கணக்கில் அவன் தன் வகுப்பின் நிலையில் இருந்தான். தமிழ் வாசிப்பிலும் எழுதுவதிலும் ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் முதல் வகுப்பு நிலையில் இருந்தான். தன் வகுப்பிலிருந்து இரண்டு வகுப்பு பின்தங்கியிருப்பதை முக்கியமான எல்லையாகக் கொள்கிறார்கள். அறிக்கையில் "குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, வாசிப்பிலும் எழுத்திலும்" என்று எழுதினார்கள். பேச்சு வழக்கில் டிஸ்லெக்சியா. குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று அவர் கேட்டபோது, ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு இன்று எங்கள் பட்டறையில் மிக நுட்பமான வடிவங்களை வார்க்கும் என் தம்பியின் முகம் நினைவுக்கு வந்தது. ஆர்டர் தாளை அவன் இன்றும் பிறரிடம் கொடுத்துத்தான் படிக்கச் சொல்கிறான். "கண்ணாடியை வீட்டிலேயே வச்சுட்டேன்" என்பான். அவனுக்குக் கண்ணாடியே கிடையாது. அவன் படித்த காலத்தில் எந்த ஆசிரியரும் என் அப்பாவுக்கு இப்படி ஒரு மடல் எழுதவில்லை.

உங்கள் சுற்றறிக்கையில் சொல்லப்பட்டிருக்கும் முதல் காரணம், ஆசிரியர் மருத்துவர் அல்லர் என்பது. உண்மை. ஆனால் கண்டறிவதும் கவனித்துச் சொல்வதும் வேறு வேறு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் இருபத்தொரு வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அரசின் நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிறுவனங்களைப் பற்றிப் பேசும் அச்சட்டத்தின் 16-ஆவது பிரிவு, பிள்ளைகளின் கற்றல் குறைபாட்டை எவ்வளவு முன்னதாக முடியுமோ அவ்வளவு முன்னதாகக் கண்டுகொண்டு, அதற்கேற்ற கற்பித்தல் முறைகளை மேற்கொள்ள வேண்டும் என்கிறது. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் தெளிவாக, அரசுப் பள்ளியானாலும் தனியார் பள்ளியானாலும், மூன்றாம் வகுப்புக்குள் அல்லது எட்டு வயதுக்குள், இவற்றில் எது முந்தியோ அதற்குள், ஆசிரியர்களே முதல்கட்டப் பரிசோதனையைச் செய்ய வேண்டும் என்றது. அதற்குப் பள்ளியில் தலைமை ஆசிரியர் தலைமையில் ஒரு குழு வேண்டும் என்பதும், அக்குழுவின் பரிந்துரையின் பேரில் பிள்ளையை மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதும் அதே வழிகாட்டுதலில் உள்ளவை. நம் பள்ளியும் அங்கீகாரம் பெற்ற பள்ளிதான். அப்படி ஒரு குழு நம் பள்ளியில் இருப்பதாக இந்த மூன்றாண்டுகளில் நான் கேள்விப்பட்டதில்லை. குழு செய்திருக்க வேண்டிய வேலையைத் தனியொருவராகச் செய்தவருக்குத்தான் நீங்கள் குறிப்பாணை கொடுத்திருக்கிறீர்கள்.

இரண்டாவது காரணம், பள்ளியின் பெயர். இதைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. ஒரு பிள்ளைக்குப் படிக்க வரவில்லை என்பதைப் பள்ளி கண்டுகொண்டது என்ற செய்தியால் எந்தப் பள்ளியின் பெயரும் கெட்டதாக இதுவரை நான் அறியேன்.

மூன்றாவது காரணம்தான் பெற்றோர் மனம் புண்படுகிறது என்பது. இதில் உங்கள் பக்கம் ஒரு நியாயம் இருப்பதை மறைக்க மாட்டேன். புண்பட்டவன் நானே. இரவு ஒன்பது மணிக்குக் கைப்பேசியில் வரும் மடல், எவ்வளவு மென்மையாக எழுதப்பட்டிருந்தாலும், தகப்பன் நெஞ்சில் கல்லாகத்தான் விழும். முதலில் நேரில் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருந்தால், அதன்பின் அந்த மடலை எழுத்தில் தந்திருந்தால், நான் இவ்வளவு ஆடியிருக்க மாட்டேன். (நேரில் வரும்படி ஜூலையில் டைரியில் இரண்டு முறை எழுதி அனுப்பியிருந்தார் என்பதும், சரக்கு ஏற்றும் வேலையைக் காரணம் காட்டி நான் போகவில்லை என்பதும் வேறு கதை.) அதுபோலவே, ஓர் ஆசிரியர் அரைகுறையாகக் கேள்விப்பட்டதை வைத்துப் பிள்ளைக்கு நோயின் பெயர் சூட்டினால், அதைத் தடுக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை. முதல் வகுப்பில் எழுத்தைத் திருப்பிப் போடும் ஐந்து வயதுப் பிள்ளைகளையெல்லாம் மதுரைக்கு அனுப்பவும் கூடாது. அந்த வயதில் அது இயல்பு. பாதி ஆண்டு பள்ளிக்கு வராத பிள்ளைக்கும், வீட்டில் வேறு மொழி பேசி இங்கே வந்து தமிழ் கற்கும் பிள்ளைக்கும் எழுத்துத் தடுமாற்றத்துக்கு வேறு காரணங்கள் இருக்கும். இவற்றையெல்லாம் பிரித்துப் பார்க்கத்தான் ஒழுங்குமுறை தேவைப்படுகிறது. நீங்கள் ஒழுங்குமுறையை வகுக்கவில்லை, வாயை அடைத்திருக்கிறீர்கள்.

அலுவலகம் வழியாகச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். சென்ற வாரம் அலுவலகத்தில் அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மதிப்பெண், வருகை, கட்டண நிலுவை, ஒழுங்கு நடவடிக்கை என்று நான்கு கட்டங்கள் இருக்கின்றன. "தொட்டில்" என்ற சொல்லை ஒரு பிள்ளை மூன்று விதமாக எழுதினான் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அன்று அங்கே நின்றபோது வேறொரு வகுப்பு ஆசிரியை என்னை அடையாளம் கண்டு, தாழ்ந்த குரலில், "எங்க வகுப்பிலயும் ஒரு பொண்ணு இருக்கா சார், ஆனா இனிமே நாங்க எதுவும் எழுதறதா இல்ல" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அந்தப் பெண்பிள்ளை யார் என்று எனக்குத் தெரியாது. அவள் பெற்றோருக்கும் தெரியாது.

காலம் இதில் எவ்வளவு முக்கியம் என்பதை என் மகனின் கணக்கைக் கொண்டே சொல்கிறேன். ஆகஸ்டில் மடல், நவம்பரில் அறிக்கை. நவம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் மூன்று நாள் தனிப்பயிற்சி, மற்ற நாட்களில் வீட்டில் இருபது நிமிடம். தட்டில் பரப்பிய மணலில் விரலால் எழுதிக்கொண்டே ஒலியைச் சொல்வது, சொல்லைக் கைதட்டிப் பிரிப்பது, ஒரே உயிர்க்குறியுள்ள எழுத்துகளை மட்டும் சில நாட்கள் பழகிவிட்டு அடுத்ததற்குப் போவது என்று மெதுவாகவே போகிறது. சென்ற வாரம் அதே அறுபத்திரண்டு சொற்களைப் போன்ற வேறொரு பகுதியை நான்கு நிமிடங்களில் படித்தான். ஒன்பது சொற்களில் தடுமாறினான். இது முற்றிலும் நீங்கிவிடும் ஒன்றில்லை என்று உளவியலாளர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அவன் என்றைக்கும் மெதுவாகப் படிப்பவனாக இருக்கலாம். ஆனால் காலையில் வயிறு வலிக்கிறது என்று சொல்லிப் பள்ளிக்குப் போக மறுப்பது நின்றுவிட்டது.

இன்னொன்று. தனியார் உளவியலாளரின் அறிக்கை பாடம் சொல்லிக்கொடுக்கப் போதும். பொதுத்தேர்வில் கூடுதல் நேரமோ, சொல்வதை எழுதும் உதவியாளரோ, மொழிப்பாடம் ஒன்றிலிருந்து விலக்கோ பெற வேண்டுமானால் அரசு மருத்துவக் குழுவின் சான்று தேவை. எட்டு வயது நிறைந்த பிறகே அச்சான்றைத் தருகிறார்கள். பதினான்கு வயதில் மீண்டும் பார்க்கிறார்கள். பத்தாம் வகுப்பில் விழித்துக்கொண்டு ஓடும் பெற்றோருக்குத் தேர்வு நெருங்கிவிட்டிருக்கும், பிள்ளை ஏழெட்டு ஆண்டுகள் தன்னை மக்கு என்று நம்பி வளர்ந்துவிட்டிருக்கும். தேர்வுச் சலுகை அந்த ஆண்டுகளைத் திருப்பித் தராது.

ஆகவே நான் கேட்பவை இவை. முதலாவதாக, மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்குக் கொடுத்த குறிப்பாணையை எழுத்துப்பூர்வமாகத் திரும்பப் பெற்று, அது அவருடைய பணிப்பதிவேட்டில் இடம்பெறாது என்பதை அவருக்கு உறுதிப்படுத்துங்கள். குறிப்பாணைக்கு அடிப்படை என் புகார் என்றால், அந்த அடிப்படை டிசம்பரிலேயே நீங்கிவிட்டது. வாய்மொழியாகச் சொன்னது போதவில்லை என்பதால், புகாரை முழுமையாகத் திரும்பப் பெறும் கையொப்பமிட்ட கடிதத்தை இம்மடலின் படியோடு இன்று அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வாங்கியிருக்கிறேன்.

3-ஆம் தேதிச் சுற்றறிக்கையை இரத்து செய்யுங்கள். அதற்குப் பதிலாக, ஆசிரியர் என்ன எழுதலாம், என்ன எழுதக்கூடாது என்பதை வகுத்துக் கொடுங்கள். எட்டு வாரங்களுக்குக் குறையாமல் கவனித்திருக்க வேண்டும். நோட்டுப் பக்கங்களின் படிகள் இருக்க வேண்டும். இன்னோர் ஆசிரியரும் பார்த்திருக்க வேண்டும். நோயின் பெயர் எதுவும் எழுதக்கூடாது. முதலில் நேரில் அழைத்துப் பேசிவிட்டு அதன்பிறகு மடல் தர வேண்டும். இரண்டு முறை அழைத்தும் பெற்றோர் வராவிட்டால் மடலை அனுப்பிவிடலாம். கடைசி விதியை என்னைப் போன்றவர்களுக்காகவே சேர்க்கச் சொல்கிறேன்.

வரும் ஜூன் மாதம் பள்ளி திறப்பதற்குள், வழிகாட்டுதலின்படி தலைமை ஆசிரியர் தலைமையில் பரிசோதனைக் குழுவை அமைத்து, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரையும், இந்த வாய்ப்பைத் தவறவிட்டு நான்கிலும் ஐந்திலும் இருப்பவர்களையும் அக்குழு பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். காரைக்குடியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்விக்கென்று ஒரு துறை இருக்கிறது. ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வேண்டுமென்று அங்கே கேட்டுப் பார்க்கலாம். போக்குவரத்துக்கோ உணவுக்கோ செலவு ஆகுமென்றால் அதை ஏற்றுக்கொள்ளப் பெற்றோர் சிலர் முன்வந்திருக்கிறோம்.

அறிக்கை கையில் இருக்கும் பிள்ளைகளுக்கு, என் மகன் உட்பட, இந்த ஆண்டிறுதித் தேர்விலிருந்தே கூடுதல் நேரம் கொடுங்கள். மொழி தவிர்த்த பாடங்களில் வாய்மொழி விடையை ஏற்றுக்கொள்ளுங்கள். முன்னறிவிப்பின்றி வகுப்பில் எழுப்பி உரக்கப் படிக்கச் சொல்வதை நிறுத்துங்கள். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. நவம்பரில் நான் கொடுத்த அறிக்கையின் படி இன்னும் தலைமை ஆசிரியரின் மேசையில்தான் இருக்கிறது. பிற பாட ஆசிரியர்களுக்கு அது போய்ச் சேரவில்லை.

இவற்றுக்கான பதிலை மார்ச் 15-ஆம் தேதிக்குள் எழுத்தில் எதிர்பார்க்கிறேன். சுற்றறிக்கை ஒட்டப்பட்ட அதே அறிவிப்புப் பலகையில் உங்கள் பதிலையும் ஒட்டுங்கள். அந்தப் பதிலில் ஆசிரியையின் பெயருக்கு நேராக இருக்கும் "புகார்" என்ற சொல்லை அடித்துவிட்டு, அதைக் கொடுத்தவன் தவறு செய்தான் என்று எழுதுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தந்தை,
காரைக்குடி